127.0.0.1 என்று நான் எழுதிய வரி

கணவருக்குத் துறைமுகத்தில் மாற்றல் வந்ததால் கொல்கத்தா வந்தவள் நான். நியூ டவுனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எங்கள் குழுவில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதை நெருங்கிய ஒரு வங்காளி. எல்லோரும் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம். அவர் பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அதிகம் பேசமாட்டார். எங்கள் பேச்சு இந்தியும் ஆங்கிலமும் என் அரைகுறை வங்காளமும் கலந்தது. நினைவிலிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் எழுதிய ஒரு சின்ன அப்ளிகேஷனை டாக்கர் கன்டெய்னராக, அதாவது தனியாக மூடிய ஒரு பெட்டிக்குள் ஓடும்படி, அவருடைய சர்வரில் ஏற்ற வேண்டியிருந்தது. என் லேப்டாப்பில் கன்டெய்னர் இல்லாமல் நேரடியாக ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் இல்லை. சர்வரில் ஏற்றினால் சில நொடிகளில் நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் நின்றது.

கன்டெய்னர் கிளம்பும்போது தாதா எழுதிய, ஸ்கிரிப்ட் என்கிற ஒரு கட்டளைக் கோப்புதான் முதலில் ஓடும். அது என் அப்ளிகேஷனைப் பின்னணியில் கிளப்பிவிட்டு, வெளியிலிருந்து கோரிக்கைகள் வந்து சேரும் அந்தக் கன்டெய்னரின் நெட்வொர்க் முகவரியில் கூப்பிட்டுப் பார்க்கும். ஐந்து முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் லாக் என்னும் பதிவேட்டில் பிழை என்று எழுதிவிட்டு வெளியேறும். ஸ்கிரிப்ட் வெளியேறினால் கன்டெய்னரும் நின்றுவிடும்.

நான் ஸ்கிரிப்டை நீக்கிவிட்டு அப்ளிகேஷனை மட்டும் ஓட்டினேன். கன்டெய்னர் நிற்காமல் ஓடியது. உள்ளே நுழைந்து லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் கூப்பிட்டேன், உடனே பதில் வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. வெளியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மீட்டிங்கில், ஏன் இன்னும் ஓடவில்லை என்று மேனேஜர் கேட்டார். நான் திரையில் அதைப் போட்டுக் காட்டினேன்.

"என் அப்ளிகேஷன்ல தப்பே இல்ல. பாருங்க, பதில் சொல்லுது. இவரோட ஸ்கிரிப்டோ சர்வர் நெட்வொர்க்கோதான் பிரச்சினை. பழைய செட்டப், சார்."

'பழைய' என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

தாதா மெதுவாகக் கேட்டார். "மேடம், லாக்ல முதல் வரி என்ன முகவரி சொல்லுதுன்னு ஒரு தடவை பார்த்தீங்களா?"

"லாக் எல்லாம் பார்த்தாச்சு தாதா," என்றேன்.

பார்க்கவில்லை. கடைசியில் இருந்த பிழையை மட்டும்தான் படித்திருந்தேன்.

"சனிக்கிழமை வந்து சர்வரை முழுசா புதுசா அமைச்சிடுங்க," என்று தாதாவிடம் சொன்னார் மேனேஜர்.

தாதா தன் நோட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். பிறகு, "சரி சார்," என்றார். அந்தச் சனிக்கிழமை அவருடைய மகளைத் துர்காபூர் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற நாள் என்பதை மீட்டிங் முடிந்தபின் பக்கத்து இருக்கைப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஐயோ என்றிருந்தது. ஆனாலும் மீட்டிங்கில் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் இருப்பதாக நினைக்கவில்லை. மனைவியும் மகளும் அவர் இல்லாமலே ரயிலேறினார்கள்.

சனிக்கிழமை மதியம் நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் அவருடைய செய்தி வந்தது: "சர்வர் புதுசா போட்டாச்சு. அதே மாதிரிதான் நிக்குது. மேடம், தயவுசெய்து முதல் வரி."

எரிச்சலோடுதான் லேப்டாப்பைத் திறந்தேன். லாக்கின் முதல் வரியில், என் அப்ளிகேஷன் தானே எழுதி வைத்திருந்தது: 127.0.0.1-இல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

127.0.0.1 என்பதும் லோக்கல்ஹோஸ்ட் என்பதும் ஒன்றுதான்; கன்டெய்னருக்கு அது அதன் உள்முகவரி. அதில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன், கன்டெய்னருக்கு உள்ளேயிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்லும். நெட்வொர்க் முகவரியில் வருகிற எதுவும் அதன் காதில் விழாது. தாதாவின் ஸ்கிரிப்ட் கூப்பிட்டது அந்த முகவரியில்தான். அது சரியாகத்தான் செய்திருக்கிறது. ஸ்கிரிப்டை நீக்கியபடியே விட்டிருந்தால் கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்கூட அதை எட்டியிருக்க முடியாது. மீட்டிங்கில் நான் பெருமையாகக் காட்டிய சாட்சி என் தப்புக்கான சாட்சி.

லேப்டாப்புக்காக நான் எழுதிய வரி அது. அதை 0.0.0.0 என்று, எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி மாற்றினேன். ஏற்றினேன். கன்டெய்னர் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இதை எழுத வைக்கிறது. நிரலில் செய்த மாற்றத்துக்கான குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். குழுவில் எல்லோருக்கும் செய்தி போட்டேன்: "சர்வரைப் புதிதாக அமைத்தபின் வேலை செய்கிறது. நன்றி தாதா." நன்றி என்ற சொல்லை யோசித்துத்தான் சேர்த்தேன். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

திங்கட்கிழமை மேனேஜர், "கடைசியில சர்வர்தான் பிரச்சினையா இருந்திருக்கு, இனி கவனமா இருங்க தாதா," என்றார். தாதா ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். நிரலில் நடந்த மாற்றங்களை அவரும்தான் பார்ப்பார். நான் என் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"அப்ப அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"ஏன்?"

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தேன்.

மறுநாள் மாடிப்படியில் தாதாவை நிறுத்தினேன். "தாதா, தப்பு என்னோடது. லோக்கல்ஹோஸ்ட்ல விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும் மேடம். சனிக்கிழமையே பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் வியாழக்கிழமையே கேட்டேனே." குரல் உயரவில்லை. "நீங்க என்னைச் சொன்னது மீட்டிங்ல, பத்துப் பேர் முன்னாடி. இப்ப மாடிப்படியில நிக்கிறோம்."

அவர் இறங்கிப் போய்விட்டார். மன்னிப்பு கேட்டால் பாரம் குறையும் என்று வந்தவளுக்கு, அதையும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மீட்டிங் முடியப்போகும் நேரத்தில், "ஒரு விஷயம் சொல்லணும்," என்று எழுந்தேன். லாக்கின் அந்த முதல் வரியைத் திரையில் போட்டேன். "சர்வர்லயும் தப்பு இல்ல, ஸ்கிரிப்ட்லயும் தப்பு இல்ல. என் அப்ளிகேஷன் லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் கேட்டுக்கிட்டிருந்தது. தாதா முதல் நாளே லாக்கைப் பாருங்கன்னார். நான் பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னேன். சனிக்கிழமை தெரிஞ்சும் மறைச்சேன்."

மேனேஜர், "ஓ, சரி, குறிச்சுக்கலாம். தாதா, ஸாரி," என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மொத்தமே ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இதற்காகவா நான்கு நாள் பயந்தேன் என்றிருந்தது. தாதா தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

அவர் என்னிடம் பகை பாராட்டவில்லை. வேலை விஷயமாகக் கேட்டால் எப்போதும் போல நிதானமாகச் சொல்வார். மகள் விடுதியில் எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "நல்லா இருக்கா," என்றார். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று புரிந்துகொண்டேன்.

பிறகு, குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கான கையேட்டில் இந்தக் கோளாறை என் பெயரைப் போட்டே எழுதினேன். கன்டெய்னர் கிளம்பியதும் நின்றால் அப்ளிகேஷன் எந்த முகவரியில் கேட்கிறது என்று முதலில் பாருங்கள், உள்ளேயிருந்து மட்டும் சோதித்துவிட்டு யாரையும் குறை சொல்லாதீர்கள் என்று. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "இது நிஜமாவே நீங்க செஞ்சதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா," என்றேன். அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வரவில்லை.