பெரிய எழுத்தில் காணாமல் போன பெயர்

இணையப் பக்கம் செய்து பிழைக்கிற அவளுக்கு அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் அது அலுவலகம், மூடினால் வீடு. கம்பெனி வேலையை விட்டபின் ஒரு பல் டாக்டர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், ஒரு கல்யாண மண்டபம், இவர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. மண்டபம் பிடிக்கிறவர்களுக்கு அழைப்பிதழ்ப் பக்கம் இலவசம் என்று மண்டப முதலாளி வாசலில் பலகை மாட்டியிருந்தார். இலவசம் அவருடையது, முதுகுவலி இவளுடையது. அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கம்ப்யூட்டர், எங்கம்மா இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்று காலையும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? ஒருத்தர் போன்ல ஒரு மாதிரி, இன்னொருத்தர் போன்ல வேற மாதிரி தெரியுதாம். பொண்ணோட பெரியம்மா பேரையே காணோம். அந்தம்மா கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு கதவைச் சாத்திட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரர் என்னைப் புடிச்சு உலுக்குறார்."

விஷயம் இதுதான். பெண்ணின் அம்மா, பெண் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவின் அக்காதான் தூக்கி வளர்த்தது. அழைப்பிதழில் அப்பா பெயர், மறைந்த அம்மா பெயர், அதற்கும் கீழே 'வளர்த்த பெரியம்மா' என்று அவர் பெயர். பெண்ணே கேட்டுப் போடச் சொன்ன வரி அது. அந்த வரி எல்லோர் போனிலும் இருந்தது, அந்தப் பெரியம்மாவின் போனைத் தவிர.

முதலாளி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மா போனில் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தன. ஒரு வரியில் அடங்க வேண்டிய அப்பா பெயர் இரண்டு வரியாகியிருந்தது, அம்மா பெயரும் அப்படியே. பெயர்கள் இருந்த பெட்டியின் உயரத்தை இவ்வளவுதான் என்று அவள் கட்டி வைத்திருந்தாள். பெட்டி நிறைந்ததும் மிச்சம் இருந்த வரி விளிம்புக்குக் கீழே போய் மறைந்துவிட்டது. அழியவில்லை, தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. பதற்றத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை விளக்காமல், உட்கார்ந்த சூட்டோடு பெட்டிக்குப் போட்ட அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டாள். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் பெட்டியும் கூடவே நீளும்படி செய்து பக்கத்தை ஏற்றிவிட்டாள். "சரியாயிடுச்சு, இப்ப பாருங்க" என்று முதலாளி பெண்ணின் அப்பாவிடம் பெருமையாகச் சொல்ல, அவர் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா போனைத் திறந்து பார்த்தார். பெயர் பெரிதாக இருந்தது.

"நேத்து இல்லாத பேரு இன்னைக்கு எப்படி வந்துச்சு? நான் சண்டை போட்டதும் சேர்த்திருக்கீங்க. எனக்கு எதுக்கு இந்தப் பிச்சை?" என்று கேட்டாராம்.

 நாம் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சாட்சியாக இருந்த பழைய பக்கத்தையே கலைத்துவிட்டோமே என்று அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். முதலாளி மறுபடி கூப்பிட்டு, "எனக்குப் புரியுற மாதிரி எழுதி அனுப்பும்மா, அப்படியே அவங்களுக்குத் தட்டிவிடுறேன்" என்றார்.

எழுதினாள். முதல் தடவை எழுதியதில் ஒரு வரி இருந்தது: 'போனைத் திறந்ததும் மண்டபத்தின் படம் தெரிய வேண்டும், பெயர்ப் பெட்டி பெரிதாகக் கூடாது என்று நீங்கள் சொன்னதால்தான் உயரத்தைக் கட்டினேன்.' அது உண்மைதான். இருந்தாலும் அழித்தாள். பயமும் ஒரு காரணம், பொய் சொல்வானேன். ஆனால், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டது அவர் இல்லையே. கடைசியில் போனது இது:

"சார், அழைப்பிதழ்ப் பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைத் திரையில் வரைவது அவரவர் போன். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் இந்தப் பக்கத்திலும் எழுத்து பெரிதாகும். நான் பெயர்களுக்கு அளவான பெட்டி கட்டியிருந்தேன். எழுத்து பெரிதானவர்கள் போனில் கடைசி வரி பெட்டிக்குக் கீழே மறைந்துவிட்டது. பெரியம்மாவின் பெயர் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இன்று சேர்த்தது இல்லை. நான் என் போனில், சின்ன எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது, பெண் வீட்டாருடையது இல்லை. பெரியம்மா விரும்பினால் பழைய பக்கத்தை அவர் போனிலேயே காட்டி நிரூபிக்கிறேன்."

பெரியம்மா பதில் போடவில்லை. மறுநாள் மத்தியானம் நேராக மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி கூப்பிட, அவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

மண்டபத்தின் அலுவலக அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒல்லியாக, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கொடுத்த தேநீரைத் தொடவே இல்லை.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாம்மா."

"அவங்க சொல்லிக்கொடுத்து எழுதுனியா?"

"இல்லம்மா. சத்தியமா நானா எழுதினது. உங்க போனைக் குடுங்க, காட்டுறேன்."

பழைய பக்கத்தை அவள் வேறொரு முகவரியில் தயாராக ஏற்றி வைத்திருந்தாள். பெரியம்மாவின் போனில் அதைத் திறந்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், கீழே மண்டபத்தின் படம். வளர்த்தவர் பெயர் இல்லை.

"பாருங்க, நீங்க அன்னைக்குப் பார்த்தது இதுதானே?"

பெரியம்மா தலையசைத்தார்.

"இப்ப பக்கத்துல நான் கை வைக்கல. உங்க போன் எழுத்தை மட்டும் சின்னதாக்குறேன்."

போனின் செட்டிங்ஸுக்குள் போய் எழுத்தின் அளவைக் குறைத்தாள். திரும்பி வந்து பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். வரிகள் சுருங்கின. பெட்டிக்குள் மூன்றாவது வரியும் வந்து உட்கார்ந்தது. அவளுக்குப் போன உயிர் வந்தது. முதலாளிகூட எட்டிப் பார்த்து, "அட, இருக்கே!" என்றார்.

பெரியம்மா போனை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு போனை அவளிடமே நீட்டினார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீயே வாசி."

 இவ்வளவு தூரம் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை. பெயர் தெரிகிற அளவில் இந்தம்மாவுக்கு வாசிக்க வராது, வாசிக்க வருகிற அளவில் பெயர் தெரியாது. என்ன நிரூபணம் செய்துவிட்டாள்!

வாசித்தாள். அப்பா பெயர், அம்மா பெயர். அடுத்து 'வளர்த்த பெரியம்மா' என்பதையும், அதோடு இருந்த பெயரையும் வாசித்தாள்.

"நீயா சேர்த்துச் சொல்லலையே?"

"இல்லம்மா. இங்க இருக்கு."

 பெரியம்மா ஆறிய தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நம்புறேம்மா. உன்மேல எனக்கு என்ன கோபம்." கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டே சொன்னார். "முன்னெல்லாம் எது வந்தாலும் பொண்ணுதான் வாசிச்சுக் காட்டுவா. மருந்துச் சீட்டு, கரண்ட் பில்லு, எல்லாம். வேலைக்குன்னு வெளியூர் போறப்போ, 'இனிமே நீயே வாசிச்சுக்கோ பெரியம்மா'ன்னு போன்ல எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்துட்டுப் போனா. இந்தப் பத்திரிகையையும் அனுப்பிட்டா. நான் வாசிச்சுக்குவேன்னு நினைச்சிருப்பா. 'உன் பேரும் போட்டிருக்கு'ன்னு ஒரு போன் பண்ணி அவ வாயால சொல்லியிருந்தா, நான் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  இதற்கு அவளிடம் திருத்தம் இல்லை.

"கல்யாணத்துக்கு வருவீங்க இல்லம்மா?"

"வராம? நான் வளர்த்த பொண்ணு." எழுந்தவர், வாசலில் நின்று போனை மறுபடி நீட்டினார். "எழுத்தைப் பழையபடி பெருசாக்கிக் குடு. இனிமே நான்தானே வாசிக்கணும்."