எஸ்தர் டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்ற நாள்

காலை ஜெபம் முடிந்து பிள்ளைகள் சாப்பாட்டு அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் பள்ளிக் காவலாளி அண்ணாச்சி பெரியாஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்கம்மா" என்றார். மஞ்சள் காமாலை என்று போய்ப் படுத்தவர், திரும்பி வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் ஒருவர் விடாமல் "தியாகம்" என்றார்கள். தாளாளர் ஐயா இரண்டு தடவை சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து அறையில் படுத்து, ஒரே அடுப்பில் சோறு பொங்கித் தின்றவள் நான். எஸ்தர் டீச்சர் தியாகம் செய்யவில்லை. அவரால் இங்கிருந்து புறப்பட முடியவில்லை. அவரை அறியாதவர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவர் நாசரேத்துக்காரர். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உப்பளங்களுக்குப் பக்கமாக இருக்கும் எங்கள் ஊனமுற்ற பிள்ளைகள் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்தார். நான் கைத்தொழில் ஆசிரியை. வந்த வருடமே விளையாட்டு விழா வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர் படித்த பள்ளியில் நடந்தது போலவே எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினார். காது கேளாத பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கண் தெரியாத இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். காலில் இரும்புத் தாங்கி மாட்டியிருந்த பையன் முதல் அடியிலேயே விழுந்தான். பார்க்க வந்திருந்தவர்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் அன்று சாப்பிடவில்லை. "அக்கா, தப்பு பிள்ளையள்ட்ட இல்ல, என் விசில்ல இருக்கு" என்றார்.

அடுத்த வருடம் மைதானமே வேறாக இருந்தது. காது கேளாதவர்களுக்கு விசிலுக்குப் பதில் சிவப்புக் கொடி. கண் தெரியாதவர்களுக்கு, வள்ளத்துக் கயிற்றை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்தார். பிள்ளை வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எல்லையில் ஒருவர் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கயிறு முடிவதற்கு முன்பே தரையில் ஈர மணல் பரப்பியிருக்கும். கால் பட்டதும் வேகத்தைக் குறைக்கலாம். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் இருந்தபடி பஞ்சுப் பந்தைக் கூடையில் எறிந்தார்கள். சக்கர நாற்காலிப் போட்டியில் கண் தெரியாத பிள்ளை தள்ளும், உட்கார்ந்திருக்கும் பிள்ளை வழி சொல்லும்.

மைதானத்தின் பாதியில் ஓலைப் பந்தல் போட்டு, பாய் விரித்து, மோர்ப் பானை வைத்தோம். ஓட்டத்தின் நடுவில்கூட எந்தப் பிள்ளையும் அங்கே போய், தாங்கியின் வாரைத் தளர்த்திக்கொண்டு உட்காரலாம். தோல் உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று ஆயா பார்ப்பார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கூச்சல் பொறுக்காத பிள்ளைகளுக்கு என் கைத்தொழில் அறையைத் திறந்து வைத்தோம். உதவிக்கு வந்த கல்லூரி மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு பிள்ளையை ஒப்படைத்தார். அவர்களுக்கு ஒரே சட்டம்: பிள்ளை கையைத் தூக்கிக் கேட்காமல் தொடக்கூடாது.

பதக்கத்துக்குச் சங்குக் கிடங்கில் கழித்துப் போட்ட சில்லுகளை வாங்கி வந்தோம். என் வகுப்புப் பிள்ளைகள் தேய்த்துத் துளையிட்டு நாடா கோத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டு, அது அன்று என்ன செய்தது என்பதையும் சொல்லித்தான் கழுத்தில் போடுவார். "முருகேசன், போன வருசம் கயித்துப் பாதியில நின்னான். இந்த வருசம் கடைசி வரைக்கும் வந்தான்." காது கேளாதவர்களுக்கும் தெரியட்டும் என்று கூட்டம் கைக்குட்டையை வீசும். ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை.

இப்படிச் சில வருடங்கள் போன பிறகுதான் நாசரேத்துப் பெண்கள் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. அதைவிட, அவருக்கே ஆசை இருந்தது. "சும்மா ஒரு சாதாரண ஸ்கூல்ல, சாதாரணமா வேலை பாத்துட்டு, நாலு மணிக்கு வீட்டுக்குப் போகணும்க்கா" என்றார். தாளாளர் ஐயா குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் அப்படித்தான், "போங்க டீச்சர், யார் தடுக்கா? ஆனா விழாவ இதோட நிறுத்திருவோம். நீங்க இல்லாம ஒரு பிள்ளை விழுந்தா யார் பதில் சொல்லுதது?" என்றார். கதவைத் திறந்து வைத்து வாசலில் பிள்ளைகளை உட்கார வைத்தது போல இருந்தது அது.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வருட விழாவை அவர் இல்லாமலே நாங்கள் நடத்திக் காட்டுவது. நல்லபடி நடந்தால் அவர் போனாலும் விழா நிற்காது என்று தாளாளரும் ஒத்துக்கொண்டார். கொடி, கயிறு, பந்தல், பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாவற்றையும் எனக்கும் ஆயாவுக்கும் பழக்கினார். விழாவன்று பார்வையாளர்களோடு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றார். எல்லாம் நன்றாகவே நடந்தது. காலையிலேயே பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

கடைசியாக நடைப் போட்டி. செல்வி என்று ஒரு சிறுமி. இரண்டு காலிலும் தாங்கி. பாதி தூரம் வந்தவள் கூட்டத்தில் டீச்சரைப் பார்த்துவிட்டாள். நின்றுவிட்டாள். "டீச்சர், ஏன் அங்கன நிக்கீங்க?" என்றாள்.

நான் செல்வி அருகில் போய், "ஏளா, பந்தலுக்குப் போவமா?" என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். கையைத் தூக்கவுமில்லை, நடக்கவுமில்லை. அவளுக்குத் துணையாக விட்டிருந்த கல்லூரி மாணவி தொடாமல் நின்றாள், சட்டம் அப்படி. வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கூட்டத்தில் யாரோ, "டீச்சரக் கூப்பிடுங்கப்பா" என்றார்கள். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள்.

எஸ்தர் டீச்சரின் முகத்தை நான் பார்த்தேன். கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேடையில் தாளாளர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நின்றாள். அந்தப் பிள்ளை மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு டீச்சர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் உள்ளே வந்தார். தூக்கவில்லை. எல்லைக்கோட்டுக்குப் போய் நின்று, "செல்வி, இங்கன வா தாயி" என்றார். செல்வி நடந்தாள். கைக்குட்டைகள் பறந்தன. தாளாளர் இறங்கி வந்து, சந்தோஷமாகத்தான், "பாத்தீங்களா டீச்சர், நீங்க இல்லாம முடியாது" என்றார்.

அன்று பெட்டியைப் பிரித்து, சேலைகளை ஒவ்வொன்றாகத் துணிக்கொடியில் போட்டார். "நான் வந்து நின்னிருக்கவே கூடாதுக்கா. விடியக்காலம் பஸ்ஸுக்கே போயிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நாசரேத்துப் பேச்சை எடுத்ததில்லை. அவர் அம்மா இறந்தபோது போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார், விழா ஒத்திகை இருந்தது. இதைத்தான் தியாகம் என்கிறார்கள்.

நேற்று அவர் உடலை நாசரேத்துக்கு ஏற்றிப் போக வேன் வந்தது. பிள்ளைகள் வாசலில் கூடி நின்றார்கள். செல்வி இப்போது வளர்ந்துவிட்டாள். வழி விடும்படி சின்னப் பிள்ளைகளை அவள்தான் ஒதுக்கினாள். தாளாளர் என்னிடம் வந்து, "இனி விழாவுக்கு நீங்கதான்" என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த மாதம் நடத்துவேன் என்றேன். அதற்கு மேல் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

வேன் புறப்படும்போது சுற்றி நின்றவர்கள், போய் வாருங்கள் என்றார்கள். நம் வழக்கம் அப்படி. யாரையும் போ என்று மட்டும் சொல்லி அனுப்ப மாட்டோம். நான் கண்ணாடியில் கையை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். போங்கள் டீச்சர். திரும்பி வர வேண்டாம்.