வார் அறுந்துவிடும் என்றவளுக்கு

பைக்காரிக்கு மறதி கிடையாது. அவள் பிரித்துத் தைக்காத பிசகும் இல்லை, மனசில் முடிந்து வைக்காத பேச்சும் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்புவரை அவளும் நாத்தனாரும் ஒரே அறையில் தோள்பை தைத்து இணையத்தில் விற்றார்கள். பிரிந்துபோன நாத்தனார் அதே பையைத் தனிக்கடை போட்டு விற்றாள். அது போதாதென்று, வாங்குபவர்கள் கூடும் குழுவில், "அந்தக் கடைப் பையில வார் அறுந்துடும்" என்று ஒரு வரி போட்டாள். ஆர்டர் வருவது நின்றே போனது.

அந்தச் சமயத்தில்தான், எட்டு மாதம் முன்பு பை வாங்கிய கணக்கு டீச்சர் செய்தி அனுப்பினார்: "விடைத்தாள் சுமக்க இவ்வளவு நல்ல பை எனக்குக் கிடைச்சதே இல்ல. தங்கச்சிக்கும் ஒண்ணு வேணும்."

பைக்காரியின் விரல்கள் பறந்தன. "டீச்சர், உடனே அஞ்சு நட்சத்திரம் போட்டு, வார் அறுந்தே போகாதுன்னு எழுதுங்க. தங்கச்சி பைக்கு விலை குறைக்கிறேன்."

துணி வெட்டிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"இது கேக்கற மாதிரி இல்லயே. கழுத்துல துண்டு போட்டு இழுக்கற மாதிரி இருக்கு."

"உங்க தங்கச்சி மட்டும்? பார்சலுக்கு பார்சல் சீட்டு வைக்கிறா. அஞ்சு நட்சத்திரம் போட்டா அடுத்த பை பாதி விலையாம்!"

"அப்ப நீயும் அவளும் ஒண்ணு."

ஊசி நகக்கண்ணில் ஏறியது போலிருந்தது. எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள்:

"பை பிடிச்சிருக்குன்னு சொன்னதுக்கு நன்றி டீச்சர். சௌகரியப்பட்டா, பை இப்ப இருக்கற நிலைமையிலயே ஒரு படம் எடுத்து, உங்களுக்குத் தோணறதோட எங்க கடையோட இணையப் பக்கத்துல போடுங்க. குறை இருந்தா அதையும் எழுதுங்க. இதுக்குப் பரிசோ தள்ளுபடியோ கிடையாது. தங்கச்சி பைக்கும் வழக்கமான விலைதான். போடலைன்னாலும் ஒண்ணுமில்ல, மறுபடி கேக்க மாட்டேன்."

கீழே பக்கத்தின் இணைப்பு.

அந்தக் கடைசி வரி அவள் கையையே கட்டிப்போட்டது. ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் தங்கச்சிக்குப் பையை அனுப்பியபோதுகூட பார்சல் எண்ணுக்கு மேல் ஒரு எழுத்து எழுதவில்லை.

ஏழாம் நாள் படம் வந்தது. கதவுக் கைப்பிடியில் விடைத்தாள் பிதுங்கத் தொங்கும் பை, மூலையில் சிவப்பு மைக் கறை. வார் சேரும் இடத்தில் அவள் போட்ட கட்டத் தையலும் அதன் நடுவே குறுக்குத் தையலும் ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தன. டீச்சர் நான்கு நட்சத்திரம்தான் கொடுத்திருந்தார். "உள் பாக்கெட்டில் கண்ணாடிக்கூடு நுழையவில்லை. வார் மட்டும் எட்டு மாதமாக அசையவில்லை."

மாலைக்குள் யாரோ அந்தப் படத்தைக் குழுவில் போட்டார்கள். வேறொருத்தி அதன் கீழே நாத்தனாரின் பாதி விலைச் சீட்டைப் படம்பிடித்துப் போட்டாள்: "அப்போ அஞ்சு நட்சத்திரத்துக்கு இந்தச் சீட்டு எதுக்கு?"

உடனே ஃபோன் அடித்தது.

"அண்ணி, டீச்சருக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"சொன்னா நம்ப மாட்டே. நான் கேட்டதை அப்படியே அனுப்பறேன், படிச்சுக்கோ."

செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

பைக்காரி ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, அந்த நீலத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்று கணவர் சொன்னார். அவளுக்கு ருசியாகவே இருந்தது.