மேட மாதத்து மூன்றாம் பட்டை

அக்கா அந்தத் துணியைச் சலவைச் சோடாவில் போட்டு வேகவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. வரைபடக்காரர்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான் அது. படம் வரைந்து முடிந்த, கஞ்சி போட்ட டிரேசிங் துணியைச் சோடாவில் போட்டால் கஞ்சியும் மையும் ஒன்றாகக் கழன்றுபோகும். பூப்போல வெள்ளைத் துணி மிஞ்சும். பிள்ளைக்குச் சட்டை தைக்க அதைவிட நல்ல துணி எங்கள் பக்கத்தில் கிடையாது. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். அத்தான் வீட்டில் வைத்து வேலையை முடிக்கக் கொண்டுவந்த, அதே மாதிரித் துணியில் வரைந்த புதுப் படத்தைப் பழைய துணிக்கட்டின் மேலேயே வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனார். அவரைக் குறை சொல்லலாம். நான் நிறையச் சொன்னேன்.

அத்தான் நெய்யாற்றின்கரை மராமத்து ஆபீஸில் வரைபடக்காரர். நான் அதே ஆபீஸில் டைப்பிஸ்ட். போனது ஐந்து ஊர்ப் பொதுக்கிணறுகளின் படம். ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கம் பக்கமாக மூன்று பட்டைகள்: ஆடியாகிய கர்க்கடகத்துக்கு நீலம், ஐப்பசியாகிய துலாத்துக்குப் பச்சை, சித்திரையாகிய மேடத்துக்குச் சிவப்பு. பட்டையின் உயரம் அந்த மாதம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது. அதைப் பார்த்துத்தான் எந்த ஊருக்குப் புதுக்கிணறு என்று எஞ்சினியர் எழுதி அனுப்புவார். வெட்டப் போவது ஒன்றே ஒன்று.

பாறசாலை எல்லையில் இருந்த அக்கா ஊர்க் கிணறும் அந்த ஐந்தில் ஒன்று. மேடம் பிறந்தால் அதில் வாளி தரையில் முட்டும். அதன்பிறகு இரண்டு வயல் தாண்டிப் பாறைக்குழிக்குப் போய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைக்க வேண்டும். முந்தைய வருடம் அந்த வரப்பில்தான் அவள் குடத்தோடு விழுந்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் புதுக்கிணறு என்ற பேச்சு வந்தாலே அவள் கை வேலையை நிறுத்திவிடும்.

மறுபடி அளக்கலாமே என்றால், அது மிதுனம், ஆனி மாதம். விடாத மழை. எல்லாக் கிணறும் நிரம்பிக் கிடந்தது. அளந்த ஓவர்சீயர் குறிப்புப் புத்தகத்தோடு மலைநாட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். திங்கட்கிழமை அத்தான் எஞ்சினியர் முன் நின்று நடந்ததைச் சொன்னார். எஞ்சினியர் மலையாளி, கோபம் வந்தால் குரல் தாழும் மனிதர். அன்று குரல் மிகவும் தாழ்ந்தது. படம் இனி வேண்டாம், எண்கள் போதும், நாளைக் காலையில் டைப் செய்த அட்டவணை மேசையில் இருக்க வேண்டும் என்றார். அத்தான் வெளியே வரும்போது எஞ்சினியர் ஒன்று சேர்த்துச் சொன்னார்: "கண்டது மட்டும் எழுதணும். ஓர்மையில் நின்னு ஒண்ணும் எழுதண்டா." ஞாபகத்திலிருந்து எதுவும் கூடாது என்று அர்த்தம். அத்தான் எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியும்.

காண்பதற்கு என்ன இருந்தது? துணிக்கு அடியில் விரித்திருந்த தடித்த காகிதம் இருந்தது. அத்தான் ஒவ்வொரு பட்டையின் மேல்மூலை இரண்டையும் கவராயத்தின் ஊசியால் குத்திக் குறித்துவிட்டுத்தான் கோடு இழுப்பார். ஊசி துணியைத் தாண்டிக் காகிதத்திலும் இறங்கியிருந்தது. சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னலில் அதைப் பிடித்தோம். வெறும் காகிதத்தில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது.

இடது ஓரத்தில் அளவுக்கோட்டின் துளைகள், ஓர் அடியிலிருந்து மேலே வரிசையாக இருந்தன. அரை அங்குலம் ஓர் அடி. ஐந்து கூட்டங்கள், எங்கள் ஆபீஸ் உத்தரவில் இருந்த கிணற்று எண் வரிசைப்படி. நிறம் போனால் என்ன, எல்லாக் கூட்டத்திலும் இடமிருந்து வலம் அதே மூன்று மாதங்கள்தானே. அத்தான் ஸ்கேல் வைத்துப் படித்தார், நான் எழுதிக்கொண்டேன். ஒரு பட்டைக்கு ஒரு வரி: கிணறு, மாதம், அடி. துளை இரண்டு அளவுக்கு நடுவில் நின்ற இடங்களில் 'சுமார்' என்று பக்கத்தில் போட்டேன். அமரவிளைக் கிணற்றுக்கு மேடத்தில் ஒன்றரை அடி, படித்ததில் அதுதான் குறைவு. பூவார்க் கிணற்றுக்கு மேடத்து இடத்தில் துளையே இல்லை. அக்கா ஊருக்கும் இல்லை.

"நம்ம கெணறு வத்திப் போச்சு, அதாக்கும் துளை இல்ல. பூஜ்யம் போடு" என்றார் அத்தான்.

"அப்ப பூவாருக்கும் பூஜ்யம் போடட்டா?"

"பூவார்ல அன்னைக்கு அளக்கவே விடல்லேண்ணு ஓவர்சீயர் சொன்னாரு. அது வேற."

"அது ஓர்மை அத்தான். காகிதத்துல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கெடக்கு."

வற்றிய கிணறும் அளக்காத கிணறும் ஒன்றல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று டைப் செய்தால் அது அக்கா ஊருக்காகச் சொன்ன பொய்யாகத் தெரியும். வெறுமையாக விட்டால் கிணறு அமரவிளைக்குப் போகும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதுவரை வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். "மக்கா, இஞ்ச தா" என்று காகிதத்தை வாங்கினாள். "அலமாரியில கொள்ளல்லேண்ணு நாந்தான் இத மடிச்சேன். மடிப்பு எங்கண கூடிப் போகுதுண்ணு பாத்தியளா?"

பார்த்தோம். மடிப்பு பூஜ்யத்தின் மேலேயே குறுக்காக ஓடியது. அங்கே காகிதம் நைந்து சுருங்கிக் கிடந்ததில் துளை இருந்தாலும் வெளிச்சம் வராது. அவள் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் விரலை மெல்ல ஓட்டினாள். அவள் ஊர்க் கூட்டத்தின் மூன்றாம் இடத்தில் விரல் நின்றது. "இங்க ரெண்டு முள்ளு குத்துது."

நான் தடவினேன். இரண்டு சின்ன மேடுகள், சரியாக ஒரு பட்டை அகலத்தில். அத்தானிடம் கேட்டேன்: "அடிக்கோட்டுக்கு நீங்க ஊசி குத்துவியளா?"

"அத ஸ்கேல் வச்சு ஒரே இழுப்பாட்டு இழுக்கது. அதுக்கு எதுக்குலே ஊசி?"

அப்படியானால் அந்த இரண்டும் மேல்மூலைகள்தான். உயரமில்லாத பட்டைக்கும் அத்தான் முறை தவறாமல் மேல்மூலை குத்தியிருக்கிறார். பூவார் இடத்திலும் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அன்று முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார்.

காலையில் ஆங்கிலத்தில் பதினைந்து வரி டைப் செய்தேன். அக்கா ஊர் மேடத்துக்குப் பூஜ்யம். பூவார் மேடத்துக்கு 'அளவு இல்லை'. காகிதத்தையும் கூடவே வைத்தேன். எஞ்சினியர் அந்த இரண்டு வரியிலும் நின்றார். பூஜ்யத்தைக் காட்டி, இதை எங்கே கண்டாய் என்று கேட்டார். காகிதத்தைத் திருப்பி நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் தடவினார். பிறகு பூவார் இடத்தையும் தடவினார். அட்டவணையில் கையெழுத்துப் போட்டு, அக்கா ஊர்ப் பெயருக்கு நேரே நீலப் பென்சிலால் குறியிட்டார்.

அன்று மாலை கொட்டும் மழையில் பாறசாலைக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். கிணறு நமக்குத்தான் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப சித்திரையில அந்த வரப்புல போண்டாம், இல்லியா?"

"போண்டாம் அக்கா."

அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, "போண்டாம்" என்று தனக்குள் சொன்னாள். என்னிடம் சொன்னது போலத் தெரியவில்லை.