பஸ்ஸில் எழுதிய பட்டியல்

மகள் தலையில் அடிபட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வண்டியை ஓட்டியது நான். ஜல்லி சிதறிக் கிடந்த வளைவில் சறுக்கியது. என் தலையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் தலையில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது ரேஷன் கார்டு நம்பரைச் சொல்வது போல வாயில் வருகிறது. அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அவள் எட்டாம் வகுப்பு. நான் அரியலூரில் வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார். காயம் ஆறிவிட்டது, நடக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் ஒரு பக்கம் படிப்பதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய தலைமையாசிரியை, மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். 'நார்மல்' என்று ஒரு தாள் கிடைத்தால் அரையாண்டுத் தேர்வுக்கு உட்கார வைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் ஓர் அம்மா சோதித்தார். தலைக்காயத்துக்குப் பிறகு நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று அளந்து பார்க்கும் உளவியலாளர் அந்த அம்மா. பழைய மதிப்பெண் அட்டைகளை வாங்கிக்கொண்டார். தூக்கம், கோபம், தலைவலி எல்லாம் விசாரித்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே எண்களைத் தலைகீழாகச் சொல்வது, பார்த்த படத்தைப் பிறகு பார்க்காமல் வரைவது, அவர் வாசித்த சொற்களைத் திருப்பிச் சொல்வது. நடுநடுவே ஓய்வு கொடுத்தும் பதினொன்றரைக்கெல்லாம் மகள் மேசையில் தலை சாய்த்துவிட்டாள். சொற்களின் பகுதி பாதியில் நின்றது. மிச்சத்தை நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, என்னென்ன சொற்கள் கேட்டார்கள் என்று ஆரம்பித்தேன். இருபது வருஷமாகப் பழைய வினாத்தாளை வைத்தே பிள்ளைகளைக் கரையேற்றிய புத்தி வேறென்ன செய்யும்? அவள் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். பத்துச் சொற்கள். இரண்டு நாளும் காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தேன். ஒரு தடவைகூட அவள் முடியாது என்று சொல்லவில்லை.

மறுமுறை போனபோது கொஞ்ச நேரத்திலேயே என்னை உள்ளே கூப்பிட்டார். மகளை வெளியே உட்கார வைத்திருந்தார். பாதியில் நின்ற பகுதியை வேறு சொற்களோடு புதிதாக ஆரம்பித்தாராம். மகளோ அவர் வாசிக்காத சொற்களை மளமளவென்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஏதாவது படிக்க வைத்தீர்களா என்று கேட்டார். பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இது பரீட்சை இல்லீங்க சார். அவ எங்க தடுமாறுறான்னு தெரிஞ்சாத்தான் ஸ்கூல்ல எங்க தாங்கிப் புடிக்கணும்னு நான் எழுத முடியும்" என்றார். பிறகு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மூணுதான் அன்னைக்கி நான் சொன்னது. மீதி ஏழு எங்கேந்து வந்துச்சு?"

வாங்கிப் பார்த்தேன். லாரி. புளியமரம். ஆடு. டீக்கடை. பாலம். குடம். கொடி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஜன்னலில் வந்ததெல்லாம் வரிசையாக இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாரே என்று கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. விபத்துக்குப் பிறகு தெளிவாக உணர்ந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அந்தப் பகுதியைத் தள்ளிவைத்து, சில வாரம் கழித்து வேறு பட்டியலோடு செய்தார். யோசிக்கும் திறன் பழையபடியே இருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது, புதிதாகக் கேட்பது அரைமணியில் நழுவுகிறது, சீக்கிரம் களைத்துப்போகிறாள். இதையெல்லாம் கடிதத்தில் எழுதி, தலைமையாசிரியையிடமும் போனில் பேசினார். முதல் இரண்டு வாரம் காலையில் இரண்டு பீரியட் மட்டும். தலைவலி கூடாவிட்டால் ஒவ்வொரு பீரியடாகக் கூட்டுவது, கூடினால் ஒருபடி இறங்குவது. முன் பெஞ்சு. பாடக்குறிப்பை எழுதியே கொடுத்துவிடுவது. களைத்தால் படுக்க ஓர் அறை. விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம். அரையாண்டுத் தேர்வும் வேண்டாம்.

முதல் நாள் இரண்டாவது பீரியட் முடிவதற்கு முன்பே பள்ளி கேட்டில் நின்றேன். கையில் இரண்டு ஹெல்மெட். நடந்து வந்தாள், முகம் வாடியிருந்தது. பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"என்னம்மா நடத்துனாங்க?"

அவள் கண் ரோட்டுக்குப் போனது. ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்ப்பா."

சரிம்மா என்று சொல்லி ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டினேன். வாரைப் பூட்டக் கொஞ்ச நேரம் ஆனது; கண்ணை நீர் மறைத்தது.