கடைசிக் கட்டம்

கெசியா ஓசூர் சிப்காட்டில் உள்ள அந்த இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதமே முனிராஜைப் பகைத்துக்கொண்டாள். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுத் திரையான பேனலில் ஓடும் மென்பொருளை எழுதுவது அவன் வேலை. அவன் எழுதியிருந்த எச்சரிக்கை வாசகங்களில் பத்துப் பன்னிரண்டு எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்து, தனியாகச் சொல்லாமல், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டினாள். அன்று மாலையிலிருந்து அவளை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர்களிடம் பேசும்போது ‘டைப்பிஸ்ட் மேடம்’ என்பான். மூன்று வருடம் அப்படியே போயிற்று. கம்பெனி பஸ்ஸில் பாகலூர் ரோட்டில் அவள் ஏறினால், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

புது மாடல் ஒன்றுக்கு, கையேட்டை அச்சடித்துக் கொடுக்காமல் பேனலிலேயே வைக்க வேண்டும் என்று முடிவானது. அந்தப் பேனலில் படம் வராது, தடித்த எழுத்து வராது. வெறும் எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலம் பிடிக்கும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், ஒரு வரிக்கு அறுபத்து நான்கு கட்டம். பக்க எண்ணை அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும். அதனால் பொருளடக்கம்தான் எல்லாவற்றுக்கும் வாசல்.

முதலில் கெசியா அதைக் கையாலேயே அடித்தாள். இடப்பக்கம் தலைப்பு, நடுவில் புள்ளிகள், வலக்கோடியில் பக்க எண். ஒரு அத்தியாயத்தில் நாலு வரி கூடினால் பின்னால் வரும் எல்லா எண்ணும் மாறும். ஒன்பது பத்தானால் ஒரு புள்ளியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் ஒரு கட்டம் வெளியே துருத்தும். அலுத்துப்போய், பொருளடக்கத்தைத் தானே அடித்துக்கொடுக்கும் ஒரு சின்ன நிரலை, ஒரு ஸ்கிரிப்டை, எழுதினாள். தலைப்பின் நீளம், எண்ணின் நீளம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு இடைவெளி. இவற்றை அறுபத்து நான்கிலிருந்து கழித்தால் மிச்சம் எத்தனையோ அத்தனை புள்ளி. இருபத்திரண்டு எழுத்துத் தலைப்புக்கு நாற்பத்தேழாம் பக்கம் என்றால் முப்பத்தெட்டுப் புள்ளி. அதே தலைப்பு நூறைத் தாண்டினால் முப்பத்தேழு. அவளுடைய கம்ப்யூட்டரில் எண்கள் எல்லாம் வலக்கோடியில் நூல் பிடித்ததுபோல நின்றன. அந்த வேலை அவளுக்கே பிடித்திருந்தது.

பொம்மசந்திராவிலிருந்து இயந்திரத்தை வாங்கப்போகிறவர்கள் வந்தார்கள். அவர்களுடைய இன்ஜினியர் கரியப்பன் வாய் அதிகம் திறக்காத மனிதர். சோதனை ஓட்டத்தின் நடுவில் கருவி மாற்றும் இயந்திரக் கை பாதியில் சிக்கி நின்றது. உங்கள் ஆள் யாரும் கிட்டே வர வேண்டாம், உங்கள் கையேட்டை வைத்துக்கொண்டு நானே விடுவிக்கிறேன் என்று அவர் பேனலைத் திறந்தார். பொருளடக்கத்தில், சிக்கிய கையை விடுவிக்கும் தலைப்புக்கு நேரே 4 என்றிருந்தது. அடித்தார். நான்காம் பக்கத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது பற்றி எழுதியிருந்தது. திரும்பிப் போய் இன்னொரு வரியைப் பார்த்தார். அதற்கு எண்ணே இல்லை. கன்னடத்தில் தன் ஆளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதோடு சோதனை முடிந்தது.

அரை மணியில் மேலாளர் அருள்ஜோசப் இருவரையும் அதே இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்தார். கோபத்தில் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். யார் செய்த வேலை என்று மட்டும் கேட்டார்.

“பொருளடக்கம் அவங்க செஞ்சது சார்,” என்றான் முனிராஜ். “அதுல நான் கை வைக்கல. டைப் பண்ணத் தெரிஞ்சா போதும்னு கொடுத்த வேலை.”

கெசியாவுக்குக் காது சூடேறியது. மடிக்கணினியை விரித்து, ஒன்று முதல் சைபர் வரை திரும்பத் திரும்ப, மொத்தம் அறுபத்து நான்கு இலக்கங்களை ஒரே வரியாக அடித்துப் பேனலுக்கு அனுப்பினாள். கடைசி இலக்கம் 4 ஆக இருக்க வேண்டும். பேனலில் வரி 3 உடன் நின்றது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் அம்புக்குறிப் பட்டை உட்கார்ந்திருந்தது.

“கடைசிக் கட்டத்த இவரு எடுத்துக்கிட்டாரு சார்,” என்றாள். “அவரு தேடுன பக்கம் நாப்பத்தேழு, அதுல ஏழு அந்த அம்புக்கு அடியில இருக்கு. ஒத்த எண்ணு மொத்தமாவே மறைஞ்சிடுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லி என்னாத்துக்கு? பேனல் என்னுது.”

“அறுபத்திநாலுன்னு சொன்னது நீங்கதான்.”

“அது போன வருஷம்.”

அருள்ஜோசப் முனிராஜைப் பார்த்த பார்வையில் கெசியாவுக்கு நெஞ்சுக்குள் இனித்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த இனிப்பு. அது சீக்கிரம் தீர்ந்தது. முனிராஜ் பேனலின் முன்னால் குனிந்து, அம்புக்குறியை எடுத்துவிட்டு, அறுபத்து நான்கு கட்டமும் தெரியும்படி வைத்தான். எண்கள் திரும்ப வந்தன. அவன் நகரவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே போய், கடைசிக்கு முந்தைய வரியில் நிறுத்தினான்.

“இப்ப அம்பு இல்ல சார். இது ஒண்ணாம் பக்கமாம். என்னான்னு மேடத்தையே கேளுங்க.”

அது மிக நீளமான தலைப்பு. மின்சாரத்தைத் துண்டிக்கும் முறை பற்றியது. சட்டப்படி முழு வாசகமும் இருக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் நீட்டப்பட்டது. அறுபத்தொரு எழுத்து, பக்கம் நூற்றுப் பதினெட்டு. கெசியா பார்த்த உடனே புரிந்துகொண்டாள். அறுபத்தொன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்து அறுபத்தாறு. புள்ளிக்குக் கிடைத்த இடம் பூஜ்யத்துக்கும் இரண்டு குறைவு. அப்படி வந்தால் ஸ்கிரிப்ட் எந்தக் குறையும் சொல்லாது. புள்ளியே போடாமல் வரியை நீளவிட்டுவிடும். கடைசி இரண்டு இலக்கமும் பேனலின் விளிம்புக்கு வெளியே போய், 1 மட்டும் நின்றிருந்தது. தன் கம்ப்யூட்டரின் அகலத் திரையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

“என் தப்பு,” என்றாள். அந்த இரண்டு வார்த்தையை அவன் முன்னால் சொன்னது, அடி வாங்கியதுபோல இருந்தது.

முனிராஜ் சிரித்தான். அருள்ஜோசப் அவனைச் சிரிக்க வேண்டாம் என்றார். கரன்ட்டைத் துண்டிக்கும் பக்கத்தை ஒரு தொழிலாளி தேடி, கிடைக்காமல் கையை உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரையும் கேட்டார். வரியின் அகலம் ஒரே ஒரு இடத்தில் எழுதப்பட வேண்டும், பேனலும் பொருளடக்கமும் அதிலிருந்தே எடுக்க வேண்டும், அதை மாற்றுகிறவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு நடந்தார்.

கெசியா மறுநாளே ஸ்கிரிப்டைத் திருத்தினாள். மூன்று புள்ளிக்குக்கூட இடமில்லாத தலைப்பு, சொல் முடியும் இடத்தில் உடைந்து அடுத்த வரிக்கு உள்தள்ளி இறங்கும். புள்ளியும் எண்ணும் அந்த இரண்டாம் வரியில் மட்டும் வரும். எந்த வரியாவது அகலத்தைத் தாண்டினால் கோப்பே உருவாகாமல் நின்று, வரி எண்ணைச் சொல்லும். பிறகு பேனலின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் அடித்து, அந்தந்தப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்தாள்.

முனிராஜ் அம்புக்குறியைத் திரும்ப வைத்து, அகலத்தை அறுபத்து மூன்று என்று பொதுக் கோப்பில் எழுதினான். அவளிடம் சொல்லவில்லை. உத்தரவை மதித்ததாகக் காட்ட, அருள்ஜோசப்புக்கு மட்டும் மின்னஞ்சல் போட்டான். அவர் அதை அப்படியே அவளுக்கு அனுப்பினார். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியிலும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டது.

கரியப்பன் மறுபடி வந்து இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். பேனலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புறப்படும்போது கெசியாவிடம், சிவப்புப் பொத்தானின் விளக்கம் இன்னும் முன்னால் வரலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதை ஆறாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள்.

இன்று அவள் எழுதும் எல்லாக் கையேடுகளும் அந்த ஸ்கிரிப்டில்தான் கட்டப்படுகின்றன. முனிராஜ் இப்போது அவளை டைப்பிஸ்ட் என்று சொல்வதில்லை. எதுவும் சொல்வதில்லை. அவனுடைய எச்சரிக்கை வாசகங்களில் பிழை கண்டால் அவளும் வாயைத் திறப்பதில்லை. திருத்தி, அருள்ஜோசப்புக்கு அனுப்பிவிடுகிறாள்.