பாண்டு அக்காவிடம் இருந்தது

பிள்ளைகளே, போன முறை நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, "நைனா, கல்யாணம் ஆனா நாமினி மாத்தறதுக்கு எதுக்கு இவ்ளோ பேப்பரு? இப்பல்லாம் போன்லயே பண்றாங்களே?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். நேரில் சொல்ல முடியாதது, அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆக அது போதும் என்றார்கள். நம் கடையின் முன்பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். அப்போது எழுதிய பாலிசிகளில் ஒன்று, டைல்ஸ் ஒட்டும் ஒரு பையனுடையது. தாய் தகப்பன் இல்லாதவன். தொண்டூரில் கட்டிக்கொடுத்த அக்காதான் அவனை வளர்த்தாள். முதல் இரண்டு வருஷம் அவள்தான் பணம் கட்டினாள். அவனுக்குப் பின் பணம் வாங்கப்போகும் நாமினி யார் என்று கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை, அக்கா பேரைச் சொன்னான்.

பிறகு வல்லத்தில் அவனுக்குக் கல்யாணமானது. சாயம் கலையாத தாலிக்கயிறோடு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ண்ணா, நாமினிய இவ பேருக்கு மாத்தணும்."

"நல்லது தம்பி. ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையில பணம் போய்ச் சேரணும் இல்ல?" என்றேன். ஏஜெண்ட் வாய் அப்படித்தான் பேசும்.

அந்தப் பெண்ணின் கையெழுத்து அழகாக இருந்ததால் கடிதத்தை அவளையே எழுதச் சொன்னேன். எனக்குத் திருமணமாகிவிட்டது, முன்பு கொடுத்த நியமனத்தை ரத்து செய்து, இனி என் மனைவியை நாமினியாகப் பதிவு செய்யவும் என்று எழுதினாள். மேலே பாலிசி நம்பர். கீழே அவன் கையெழுத்து. பாலிசி எடுத்தபோது எப்படிப் போட்டானோ அப்படியே போட வேண்டும் என்பதால், பழைய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வைத்தேன். நாமினி மாற்றும் ஃபாரத்திலும் போட்டான். சாட்சிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"நான்தான் மாட்டினேனா? டீ வாங்கிக் குடுத்தாதான் கையெழுத்து" என்றார் அவர். "பொண்ணே, நாமினி ஆயிட்ட, இனிமே இவனுக்கு நல்லா சோறு போடு. மெலிஞ்சான்னா எங்க மேலதான் கேஸு வரும்." அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய ஆதார், பாங்க் பாஸ்புக் நகல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்துப் பின் அடித்தேன்.

"பாலிசி பாண்டு குடுப்பா. ஒரிஜினல் பத்திரம்."

அவன் தலையைச் சொறிந்தான். "அது அக்கா பொட்டியில இருக்குதுண்ணா."

"போயி வாங்கினு வா."

"இன்னான்னு கேக்கறது? தாலி கட்டும்போது மூணாவது முடிச்சு போட்டவளே அவதான். இப்ப போயி, உன் பேர எடுக்கறேன் பாண்டு குடுன்னு எப்படிண்ணா கேப்பேன்?"

"நான் வேணா கேக்கட்டுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"நீ கேட்டியானா அடுத்த பொங்கல் வரைக்கும் பேசமாட்டா."

பாண்டு இல்லாமலே கடிதத்தைக் கிளை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த அம்மா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்தினத பாண்டுல ஏத்தி, ரெஜிஸ்டர் பண்ணணும் சார். ஒரிஜினல் இல்லாம முடியாது. பதிவாகிற வரைக்கும் பழைய நாமினிதான்."

"பாண்டு காணாம போயிருந்தா?"

"டூப்ளிகேட்டுக்கு எழுதிக் குடுக்கணும். பின்னால நஷ்டம் வந்தா நாங்க பொறுப்புன்னு பத்திரத்துல இண்டெம்னிட்டி குடுக்கணும். காணாம போச்சா?"

"இல்ல மேடம். பொட்டியில பத்திரமா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"காணோம்னே எழுதிடலாம்ண்ணா" என்றான் பையன். இருக்கிற பாண்டை இல்லை என்று எழுதினால் நாளைக்கு உனக்கே வம்பு என்று சொல்லி, நேரில் போய்க் கேட்கச் சொன்னேன். போனான். ஒரு சாக்கு வேர்க்கடலையோடு திரும்பி வந்தான்.

"கேட்டியா?"

"சோறு போட்டா. கறி எடுத்து ஆக்கியிருந்தா. தின்னுட்டு எப்படிண்ணா கேக்கறது?"

"தின்றதுக்கு முன்னாடி கேளுடா!"

வல்லத்து உறவுக்காரர் யாரோ வாய்விட்டிருக்க வேண்டும். மார்க்கெட் கமிட்டிக்கு வேர்க்கடலை மூட்டை போட வந்த அக்கா நேராக என் மேஜைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இன்னா ஏஜெண்ட்டு, எம் பேர எடுக்கறீங்களாமே?"

"அது தம்பிதாம்மா சொல்லணும். அவன் பாலிசி."

"அவன் சொல்லட்டுமே. எனக்கு இன்னா, அந்தப் பேப்பர அவிச்சா தின்னப் போறேன்? எங்கிட்ட வந்து, அக்கா குடுன்னு வாயத் தொறந்து கேட்டா அந்த நிமிஷமே குடுப்பேன். ஆள் உட்டுக் கேட்டாத் தரமாட்டேன்."

அன்றைக்கே அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவளே வந்து சொன்னாளா? அப்ப கோவமா இருக்காண்ணா. ஆடி வேற பொறந்துட்டுது, இவள அம்மா ஊட்டுக்குக் கூட்டினு போயிட்டாங்க. ஆடி கழிச்சி ரெண்டு பேருமா ஜோடியா போயி கேக்கறோம். அப்ப ஒண்ணும் சொல்லமாட்டா."

ஆடி கழியவில்லை. திண்டிவனம் ரோட்டில், டைல்ஸ் ஏற்றிப் போன குட்டியானை வண்டி கவிழ்ந்தது. பின்னால் டைல்ஸ் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

காரியம் முடிந்தபின் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். வல்லத்துப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். கவுண்டர் அம்மா கடிதத்தைப் படித்தார், கையெழுத்தையும் பார்த்தார்.

"பதிவாகலியே சார். ரிக்கார்டுல அக்காதான். அவங்க கேட்டா அவங்களுக்குத்தான் குடுக்க முடியும். கோர்ட்டு தடை போட்டாத்தான் நிறுத்துவோம்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா நாமினின்னா பணத்தை வாங்கறவங்கதான்மா. சட்டப்படி வாரிசு நீ. கோர்ட்டுல கேக்கலாம்."

அவள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "கோர்ட்டு வாசல்ல நிக்க எங்களுக்குத் தெம்பு இல்லீங்க. புருசன் செத்தவுடனே பணத்துக்கு வழக்கு போட்டான்னு ஊரு சொல்லும். இவளுக்கு வயசு கிடக்குது."

அந்தப் பெண் மேஜைமேல் கிடந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு முறை நான் தொண்டூருக்குப் போனேன். பாதியாவது அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமே என்றேன். அக்கா அழுதுகொண்டேதான் பேசினாள்.

"எந் தம்பி எனக்குன்னுதான் வெச்சான். மாத்தற எண்ணம் இருந்திருந்தா எங்கிட்ட கேட்டிருப்பான். கறி ஆக்கிப் போட்டேன், தின்னான், ஒரு வார்த்தை கேக்கலியே. கேக்காதத நான் எப்படிக் குடுப்பேன்?"

அவள் பேராசைக்காரி என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவள் சொன்னதை அவள் முழுசாக நம்பினாள். இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், பாண்டு எல்லாம் அவள் கையில் இருந்தன. க்ளெய்ம் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது ஏஜெண்ட் வேலை. நான்தான் நிரப்பினேன். பணம் அவள் கணக்குக்குப் போனது. வல்லத்துப் பெண் இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்வி.

பணம் போய்ச் சேர்ந்த மறுநாள், கடையில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். இன்னார் என் முன்னால் தன் சம்மதத்தோடு மனைவியை நாமினியாக மாற்றக் கையெழுத்திட்டார், பாண்டு இல்லாததால் அது பதிவாகவில்லை என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். என்றைக்காவது அவள் கோர்ட்டுக்குப் போனால் உதவும் என்று எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. அவள் போகமாட்டாள் என்றும் தெரியும். கவரில் போட்டு வல்லத்து விலாசம் எழுதி, தபாலாபீசுக்கு நடந்து போய் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.